புது லப்டொப், பற்றரியில் 143

தங்கச்சிக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்றே வீட்டில் லப்டொப் கதை தொடங்கிவிட்டது. நான் முள்ளியவளையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சீட்டுக் காசோடு கொஞ்சம் கடனும் சேர்த்து 178,000 ரூபா ஆயத்தப்படுத்தினேன். முல்லைத்தீவுப் பக்கம் லப்டொப் வாங்க இரண்டு மூன்று மாதிரிகளுக்கு மேல் பார்க்க முடியாது. கொழும்புக் கடை ஒன்றின் ஒன்லைன் விளம்பரத்தில் அதே விலைக்குக் கூடின மெமரியும் நல்ல ஸ்கிரீனும் இருந்தன. பெட்டியோடு 65 வாட் சார்ஜர், தோள்பை, வயரில்லாத மவுஸ் வரும் என்றும், பழுது இருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த விளம்பரத்தை அன்றைக்கே போனில் படமாக எடுத்து வைத்தேன். நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான். பிறகு அந்த விளம்பரத்தை அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் குரியர்காரத் தம்பி போன் எடுத்தார். "ரீச்சர், இண்டைக்கு அங்கால வரேலாது, நாளைக்குக் காலமை தண்ணீரூற்றுச் சந்தியில வந்து எடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். சரி என்றேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் கையெழுத்து வைத்து வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடும் என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா, "வெள்ளிக்கிழமை வற்றாப்பளை அம்மனிட்டக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டுத் திறப்பம்" என்றார். பிள்ளை முதன்முதல் கம்பஸ் போகிறாள், அம்மாவின் மனதை ஏன் நோகடிப்பான் என்று விட்டுவிட்டேன். அப்படி மூன்று நாள் பெட்டி சுவாமி அறையிலேயே இருந்தது. கோயிலுக்குக் கொண்டுபோனது பிழை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். செவ்வாய் இரவே திறந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்து வெள்ளிக்கிழமை கொண்டுபோயிருக்கலாம். ஏழு நாளில் மூன்றைக் கையால் கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

வெள்ளி இரவு திறந்தோம். மேலே ஒரு கீறல் இல்லை. ஸ்கிரீனில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள்கூட இருந்தது. போட்டவுடன் எந்த நாடு, எந்த மொழி என்று கேட்கும் முதல் திரை வந்தது. எந்தச் சந்தேகமும் வரவில்லை. அந்தத் திரை வந்தால் மெஷின் புதிது என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டால் எந்தப் பழைய மெஷினும் அதே திரையோடுதான் எழும்பும்.

பையும் மவுஸும் பெட்டிக்குள் இல்லை. வேறு பார்சலில் வரும் போல என்று நினைத்தேன். சார்ஜர் இருந்தது. சனிக்கிழமை காலை தங்கச்சி அதில் எழுதிப் பார்க்கத் தொடங்கினாள். நூறு வீதம் சார்ஜ் ஏற்றிப் பிளக்கைக் கழற்றி, ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் வீடியோ பார்த்திருப்பாள், ஐம்பத்தைந்து வீதத்துக்கு இறங்கிவிட்டது. விளம்பரத்தில் எட்டு மணித்தியாலம் என்றிருந்தது. விளம்பரத்தில் போடுவது எப்போதும் கூடத்தான், அது தெரியும். ஆனாலும் இது பாதிகூட வராது. மனம் திக்கென்றது.

கடைக்கு போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "மிஸ், புது பேட்டரி அப்படித்தான் காட்டும், ஒருக்கா ஃபுல்லா சார்ஜ் பண்ணி ஃபுல்லா இறக்கி மறுபடி ஏத்துங்க, திங்கட்கிழமை கதைப்போம்" என்றார்கள். எனக்கு அது நியாயமாகப்பட்டது. நல்லவேளை, புதுக்குடியிருப்பில் கொம்பியூட்டர் திருத்தும் அண்ணை ஒருவருக்கும் போன் எடுத்தேன். எங்கள் பள்ளிக்கூட மெஷின்களைப் பார்ப்பவர். அவர் முதலில் கேட்டது, "எண்டைக்குக் கைக்கு வந்தது?" என்பதுதான். சொன்னேன். "திங்கள் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அவையள் சொன்னதையும் செய்யுங்கோ, ஆனா அதுக்கு முன்னம் ஒருக்கா ரிப்போட் எடுங்கோ, செய்து முடிச்சாப்பிறகும் ஒருக்கா எடுங்கோ" என்றார். அந்த ஒரு வசனம்தான் எங்கள் காசைக் காப்பாற்றியது.

அவர் சொல்லித்தந்ததை அப்படியே தருகிறேன். விண்டோஸில் தேடும் இடத்தில் cmd என்று அடித்து Enter அழுத்தினால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் இதை அடித்து Enter அழுத்த வேண்டும்:

```
powercfg /batteryreport
```

எந்த இடத்தில் கோப்பு சேமிக்கப்பட்டது என்று அதுவே அடுத்த வரியில் காட்டும். battery-report.html என்ற பெயரில் இருக்கும். இன்டர்நெட் தேவையில்லை, எங்கள் ஊரின் சிக்னலுக்கு இது பெரிய விஷயம். அதைத் திறந்தால் நிறைய அட்டவணை வரும், பயப்பட வேண்டாம். Installed batteries என்ற பகுதியில் மூன்று வரி மட்டும் போதும். DESIGN CAPACITY என்பது தொழிற்சாலையில் அந்தப் பற்றரிக்குத் திட்டமிட்ட கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்றைக்கு அது முழுதாக நிரம்பினால் பிடிக்கிற அளவு. CYCLE COUNT என்பது அது இதுவரை எத்தனை முழுச் சுற்று ஓடியிருக்கிறது என்பது. ஒரு சுற்று என்றால் பிளக்கில் ஒருமுறை மாட்டியது என்று நினைக்கக் கூடாது. நேற்று அரைவாசி இறக்கி ஏற்றி, இன்றைக்கு அரைவாசி இறக்கி ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று.

எங்கள் லப்டொப்பில் முதலாவது வரி 50,000, இரண்டாவது 41,310. கீழே CYCLE COUNT 143. நான் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தங்கச்சி இரண்டு நாளில் இரண்டு சுற்றுகூட ஓட்டியிருக்க மாட்டாள். 41,310-ஐ 50,000-ஆல் வகுத்தால் 82.6 வீதம். புது மெஷின் என்றால் சுற்று எண் பூச்சியம் முதல் ஒற்றை இலக்கத்துக்குள் இருக்கும். தொழிற்சாலையில் சோதிக்கும்போது ஒன்றிரண்டு ஓடியிருக்கலாம், அது பிரச்சினையில்லை. கொள்ளளவு திட்டமிட்டதை விடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருப்பதும் வழமை. இரண்டு மூன்று வீதம் குறைந்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஆனால் 143 சுற்று என்பது யாரோ மாதக்கணக்கில் பாவித்த பற்றரி. இந்த எண் விண்டோஸுக்குள் இருப்பதில்லை, பற்றரிக்குள் இருக்கும் சிறிய சிப்பில் இருக்கிறது. அதனால்தான் விண்டோஸை அழித்துப் போட்டவர்களால் இதை அழிக்க முடியவில்லை. அதே ரிப்போட்டில் கீழே வரும் பாவனை வரலாறு வெள்ளிக்கிழமையில் இருந்துதான் தொடங்கியது, ஏனென்றால் அது விண்டோஸ் எழுதும் கணக்கு. வரலாறு புதிதாக இருக்கிறதே என்று அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில மெஷின்களில் CYCLE COUNT பக்கத்தில் வெறும் கோடு மட்டும் வரும். அப்படியானால் அந்தக் கம்பனியே தரும் பற்றரி செயலியிலோ, மெஷின் எழும்பும்போது போகிற BIOS-இலோ பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கடைக்காரர் சொன்ன ஏற்றி இறக்கும் வேலை. நடுவில் ஒரு மணித்தியாலம் கரண்டும் போய்விட்டது. இரவு எட்டரைக்கு இரண்டாவது ரிப்போட் எடுத்தேன். கொள்ளளவு 42,080, அதாவது 84.2 வீதம். சுற்று எண் 144. இதைத்தான் அண்ணை எதிர்பார்த்திருந்தார். முழுதாக இறக்கி ஏற்றும்போது பற்றரி தன் கொள்ளளவைத் திரும்ப அளந்துகொள்ளும், அதனால் அந்த எண் கொஞ்சம் ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். கடைக்காரர் சொன்னதில் அந்தளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் சுற்று எண் ஒருநாளும் பின்னுக்குப் போகாது. நாங்கள் ஒரு சுற்று ஓட்டினோம், அது சரியாக ஒன்று கூடியது. அந்த எண் பிழையாகக் காட்டுகிறது என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்த ஒன்றே சாட்சியாகிவிட்டது.

இன்னொரு சாட்சியும் எடுக்கச் சொன்னார். மெஷினின் தொடர் இலக்கம் மூன்று இடத்தில் இருக்கும்: அட்டைப்பெட்டி, லப்டொப்பின் அடிப்பக்கம், மெஷினின் உள்ளே. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பதைப் பார்க்க PowerShell-ஐத் திறந்து இதை அடிக்க வேண்டும்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

உள்ளேயும் அடியிலும் ஒரே இலக்கம். பெட்டியில் கடைசி நாலு எழுத்து வேறு. அதாவது வேறொரு மெஷினின் பெட்டிக்குள் இதை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த இலக்கத்தைத் தயாரித்த கம்பனியின் உத்தரவாதம் பார்க்கும் பக்கத்தில் போட்டால், உத்தரவாதம் பதின்மூன்று மாதத்துக்கு முன்னமே தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஏமாந்த கோபத்தை விட, கடன் வாங்கின காசு, அடுத்த கிழமை பிள்ளை போக வேண்டும், இனி எப்போது, யாரிடம் என்ற யோசனைதான். அம்மாவுக்கு அன்றிரவு சொல்லவில்லை.

அழுதுகொண்டே எழுதினேன். போனில் கதைத்தது எதற்கும் சாட்சியில்லை என்பதால், நடந்ததை ஐந்து வரியில் எழுதி, இரண்டு ரிப்போட், மூன்று தொடர் இலக்கத்தின் படங்கள், உத்தரவாதப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அனுப்பி முடித்தபோது ஞாயிறு இரவு 9.40. "பழுதான பொருளைத் திருப்பித் தருகிறேன், முழுப் பணமும் வேண்டும்" என்று தெளிவாக எழுதினேன். பாருங்கோ, திருத்தித் தாங்கோ என்று எழுதினால் அதைப் பழுதுபார்க்கும் கோரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள் என்று அண்ணை எச்சரித்திருந்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது: உங்கள் ஏழு நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. நான் செவ்வாய்க்கிழமைதானே வாங்கினேன் என்று திகைத்துப்போய்க் குரியரின் இணையப் பக்கத்தில் பார்சல் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். திங்கள் பின்னேரமே "Delivered" என்று போட்டிருந்தார்கள், என் கைக்கு வர முந்தின நாள். அந்தத் தம்பி அன்றைய கணக்கை முடிக்க அப்படிப் போட்டிருக்க வேண்டும், கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் கடைக்காரர் எண்ணுவது அந்தத் திகதியில் இருந்துதான். அந்த நாளையும் முதலாம் நாளாக எண்ணுகிறார்கள். ஞாயிறு இரவே எழுத்தில் அனுப்பாமல் இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். குரியர் தாளில் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதி, அந்தத் தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே இணையப் பக்கத்தில் என்ன திகதி போட்டிருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்ததாகப் பையும் மவுஸும். "நாங்கள் போட்டுத்தான் அனுப்பினோம், பெட்டி திறக்கும் வீடியோ இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. பெட்டியின் ஆறு பக்கத்தையும் முத்திரை ஒட்டிய நாடாவையும் காட்டி, பிறகு வெட்டித் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் அது செல்லாது என்பார்கள். என்னிடம் அது இல்லாததால், குரியர் தாளில் இருந்த நிறை கைகொடுத்தது. தாளில் 2.85 கிலோ என்று இருந்தது. சங்கக் கடைத் தராசில் லப்டொப், சார்ஜர், உள்பெட்டி, வெளிப்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தேன், 2.84. விளம்பரத்தில் காட்டிய மாதிரிப் பையும் மவுஸும் சேர்ந்தால் அரைக் கிலோவாவது கூடியிருக்கும். கொழும்பில் குரியரிடம் கொடுத்தபோதே அவை உள்ளே இல்லை என்பதற்கு அது போதும். சில குரியர்கள் நிறையை முழுக் கிலோவுக்கு உயர்த்தி எழுதுவார்கள், அப்படியானால் இந்த வழி உதவாது. என்ன செய்தாலும் வெளிப்பெட்டியை எறிய வேண்டாம். எங்கள் வெளிப்பெட்டிக்குள் அம்மா தேங்காய் போட்டு வைத்திருந்தார், கிழியாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

சார்ஜரையும் அப்போதுதான் கவனித்தேன். அதன் முதுகில் பொடி எழுத்தில் Output 20V 2.25A என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 45 வாட். சொன்ன 65 வாட் என்றால் 20V 3.25A என்று இருக்க வேண்டும். குறைந்த சார்ஜரும் வேலை செய்யும், அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆனால் பாவித்துக்கொண்டே ஏற்றினால் மிக மெதுவாக ஏறும். சில மெஷின்கள் மெதுவான சார்ஜர் என்று மூலையில் ஒரு அறிவித்தலும் காட்டும், எங்களுடையது காட்டியிருந்தது, நாங்கள்தான் மூடிவிட்டோம்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அதற்கான கடிதத்தை எழுதி, அனுப்புவதற்கு முன் அதன் படத்தைக் கடைக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே போன் வந்தது. திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம் என்றார்கள். ஏன் இப்படி வந்தது என்பதற்குக் கடைசிவரை ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

திருப்பி அனுப்ப முன் ரிப்போட்களைப் பென் டிரைவில் எடுத்து, தங்கச்சியின் கணக்கை வெளியேற்றி, Settings-இல் Recovery, Reset this PC என்று போய் எல்லாவற்றையும் அழித்தோம். ரிப்போட்டை வெளியே எடுக்காமல் அழித்தால் கையில் சாட்சி இருக்காது, இந்த ஒழுங்கு முக்கியம். பொதி கட்டும்போது இந்தமுறை வீடியோ எடுத்தேன், தொடர் இலக்கம் தெரியும்படி. பணம் வர பத்தொன்பது நாள் எடுத்தது. 178,000 வந்தது, ஆனால் முதல் அனுப்பியதற்கான 950 ரூபாவைத் தரவில்லை. திருப்பி அனுப்ப 1,900, டேட்டாவுக்கு 1,300, புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் பஸ்ஸும் ஆட்டோவுமாக 2,400. மொத்தம் 6,550 ரூபாவும் ஒரு நாள் லீவும். தங்கச்சி முதல் மூன்று கிழமையும் சிநேகிதியின் மெஷினில் இரவல் வாங்கித்தான் வேலை செய்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இரண்டாவது லப்டொப்பை வவுனியாவில் ஒரு கடையில் நேரே போய் வாங்கினோம். விலை எண்ணாயிரம் கூட. காசு கொடுக்க முன் கடைக்குள்ளேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, கறுப்புப் பெட்டியில் அந்த வரியை நானே அடித்தேன். கடைக்காரத் தம்பி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. CYCLE COUNT 1. சார்ஜரின் முதுகில் 3.25A. மூன்று இடத்திலும் ஒரே இலக்கம். பிறகுதான் காசை எண்ணிக் கொடுத்தேன். தங்கச்சி அங்கிருந்தே விடுதிக்குப் போய்விட்டாள், நான் நெடுங்கேணிப் பக்கத்தால் போகும் கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.